ஆயிரம் ரிங்கிட் கூடுதல் சம்பளம்: கையில் நிற்பது எவ்வளவு?

சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் 26 வயது இளைஞர் ஒருவர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர். அண்மையில் ஷா ஆலமிலிருந்து வந்த வேலைக் கடிதம் ஒன்றை அவர் என்னிடம் காட்டினார். இப்போது அவருடைய அடிப்படைச் சம்பளம் 2,000 ரிங்கிட். ஷா ஆலம் நிறுவனம் 3,000 தருவதாக எழுதியிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. "ஆயிரம் வெள்ளி கூட வருது, போகாம இருப்பானா?" என்றார் அவருடைய சித்தப்பா.

இளைஞருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. காரணத்தையும் அவரால் சொல்ல முடியவில்லை. இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பழைய சம்பளச் சீட்டையும் புதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டோம். கூலிம், தைப்பிங், சுங்கை சிப்புட், குளுவாங் என எந்த ஊரிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போக நினைப்பவரும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குதான் இது. தொகைகள் அவருடையவை. உங்கள் தொகைகளை அந்த இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டு சொல்வது என்ன?

முதல் தவறு, அடிப்படைச் சம்பளத்தை அடிப்படைச் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடுவது. சுங்கைப்பட்டாணியில் அவர் மாதம் சுமார் 30 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறார். மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணியால் வகுத்து, வருவதை ஒன்றரை மடங்காக்குவதுதான் வழக்கமான நாளின் ஓவர்டைம் கணக்கு. 2,000 ரிங்கிட் சம்பளத்துக்கு ஒரு மணி நேர ஓவர்டைம் 14 ரிங்கிட் 42 சென். 30 மணிக்கு 433 ரிங்கிட். ஆக அவருடைய மொத்தச் சம்பளம் 2,433 ரிங்கிட்.

இதில் இபிஎஃப் 220, சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து ஏறக்குறைய 17 ரிங்கிட் பிடிக்கிறார்கள். கைக்கு வருவது சுமார் 2,195.

ஷா ஆலம் கடிதத்தில் 3,000 ரிங்கிட்தான் மொத்தம். ஓவர்டைம் பற்றி ஒரு வரிகூட இல்லை. இபிஎஃப் 330, மற்றவை 20 சொச்சம் போக, கைக்கு வருவது சுமார் 2,650. ஆயிரம் என்று பேசிய வித்தியாசம், வாடகைக்கு ஒரு காசு கொடுப்பதற்கு முன்பே 455 ரிங்கிட்டாகச் சுருங்கிவிட்டது.

அடுத்தது செலவு. இப்போது அவர் பெற்றோர் வீட்டில் இருக்கிறார். அம்மாவிடம் மாதம் 500 ரிங்கிட் கொடுக்கிறார். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் 100, வெளியில் சாப்பிடுவது 250, கைப்பேசி 50. மொத்தம் 900. மாதக் கடைசியில் 1,295 ரிங்கிட் மிஞ்சுகிறது.

ஷா ஆலமில் அவர் பார்த்து வைத்த அறைக்கு வாடகை 650. மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் சேர்த்து அவர் பங்கு 80. அறையில் சமைக்க அனுமதியில்லை. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, நாளுக்கு 25 என்றாலும் மாதம் 750. பெட்ரோலும் மோட்டார் சர்வீசும் 150, துணி துவைக்க 40, கைப்பேசி 50, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக பஸ் செலவு 100. அம்மாவுக்குக் கொடுக்கும் 500 நிற்காது, நிற்கவும் கூடாது என்றார். மொத்தம் 2,320. மிஞ்சுவது 330 ரிங்கிட்.

சம்பளம் ஆயிரம் கூடுகிறது. மிச்சம் ஏறக்குறைய ஆயிரம் குறைகிறது.

இபிஎஃப்பை மறக்க வேண்டாம்

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் கட்டுவதில்லை. அடிப்படைச் சம்பளத்துக்கும் பெரும்பாலான நிரந்தர அலவன்சுகளுக்கும் கட்டுகிறார்கள். தொழிலாளியின் 11 விழுக்காடும், 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு முதலாளி போடும் 13 விழுக்காடும் சேர்ந்தால் 24 விழுக்காடு. இவருக்கு இப்போது மாதம் 480 ரிங்கிட் சேர்கிறது. ஷா ஆலமில் 720 சேரும்.

கையில் மிஞ்சுவதையும் இபிஎஃப்பையும் சேர்த்துப் பார்த்தால், சுங்கைப்பட்டாணியில் 1,775, ஷா ஆலமில் 1,050. வித்தியாசம் 725 ரிங்கிட். இரண்டும் சமமாக வேண்டுமென்றால் ஷா ஆலம் சம்பளம் ஏறக்குறைய 3,650 ரிங்கிட்டாக இருக்க வேண்டும். இபிஎஃப்பை விட்டுவிட்டு, கையில் மிஞ்சும் காசு மட்டும் சமமாக வேண்டுமென்றால் 4,100 ரிங்கிட்டைத் தொட வேண்டும். கடிதத்தில் இருக்கும் 3,000, இந்த இரண்டில் எதற்கும் பக்கத்தில் வரவில்லை.

ஒரு கேள்வி மட்டும் இந்தக் கணக்கை மாற்றக்கூடும்: அங்கே ஓவர்டைம் உண்டா? வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டப்படியான வேலை நேர உச்சவரம்பு. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு, வழக்கமான நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஓவர்டைம் கேட்கும் உரிமை உண்டு. கடிதத்தில் பதவிப் பெயருக்கு முன்னால் 'சீனியர்' என்று போட்டுவிட்டதால் அந்த உரிமை போய்விடாது. அங்கும் மாதம் 30 மணி கிடைக்குமானால் 3,000 சம்பளத்தில் அது சுமார் 650 ரிங்கிட். கணக்கு ஏறக்குறைய சமநிலைக்கு வந்துவிடும். அதனால் கையெழுத்துப் போடும் முன் எழுத்து மூலம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

சேமிப்பு ஊரிலா, அம்மாவின் வீட்டிலா?

இன்னொரு உண்மையும் மேசைக்கு வந்தது. சுங்கைப்பட்டாணி மலிவான ஊர் என்பதால் மட்டும் அவருக்கு 1,295 ரிங்கிட் மிஞ்சவில்லை. கடன் கட்டி முடித்த வீடும் அம்மாவின் சமையலும் இருப்பதால் மிஞ்சுகிறது. அதே ஊரில் அவர் தனியாக ஒரு வீடு எடுத்தால் 700 வாடகை, 100 பில், சாப்பாட்டுக்கு இன்னும் 300 என்று 1,100 போய்விடும். மிச்சம் 195. அப்போது ஷா ஆலமின் 330 கூடுதலாகத் தெரியும்.

தோட்டத்தில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தோட்ட வீடு அப்பாவின் வேலையோடு வந்த வீடு. அவர் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அந்த நாள் இரண்டு ஆண்டுகளில் வருமென்றால், வாடகை இல்லாத கணக்கை வைத்துப் பத்தாண்டுத் திட்டம் போடக்கூடாது. மாறாக, அந்த இரண்டு ஆண்டுகளில் மிஞ்சும் பணத்தை ஊரிலேயே ஒரு வீட்டின் முன்பணமாக மாற்ற முடியுமா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

திருமணம் ஆனவர்களுக்கும் கணக்கு வேறு. இருவரும் வேலைக்குப் போனால் நகரத்தில் இரண்டு சம்பளமும் உயர்கிறது, வாடகை ஒன்றுதான். தனியாகப் போகிறவருக்கு ஒத்துவராத நகரம், தம்பதிக்கு ஒத்துவரலாம்.

யார் போகலாம், யார் யோசிக்கலாம்?

கடைக் காசாளர், பாதுகாவலர், துப்புரவு வேலை போன்றவற்றுக்காகத் தலைநகருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கோலாலம்பூருக்கும் பாலிங்குக்கும் அதே தொகைதான், வாடகைதான் வேறு. அந்தச் சம்பளத்துக்கு ஊர் மாறுவது பெரும்பாலும் நஷ்டம்.

கணக்காய்வு, மென்பொருள், சட்டம் போன்ற துறைகளில் படித்தவர்களின் நிலை அப்படியல்ல. சிறிய ஊரில் அவர்களுக்கு ஒரு முதலாளி கிடைக்கலாம், இரண்டாவது கிடைப்பது கடினம். வேறு இடத்துக்கு மாறுவோம் என்று சொல்ல முடியாத இடத்தில் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். அவர்கள் முதல் இரண்டு ஆண்டு சேமிப்பு இல்லாமல் நகரத்தில் இருப்பதை அனுபவத்துக்குக் கொடுக்கும் விலையாக எடுத்துக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: அங்கே இதே வேலையில் ஐந்து ஆண்டு இருப்பவர் இப்போது என்ன வாங்குகிறார்? அது 3,300 என்றால் திரும்பிவிடலாம். 5,000 என்றால் போகலாம்.

வடக்கில் இருப்பவர்களுக்கு நடுவழியும் உண்டு. கூலிம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் பஸ்கள் சுங்கைப்பட்டாணி வரை வருகின்றன. சம்பளம் கூடும், வீடு மாறாது. விலையாகக் கொடுப்பது தூக்கம். பாயான் லெப்பாஸ் என்றால் காலை ஷிஃப்டுக்கு விடியுமுன் பஸ் ஏற வேண்டும்.

போவது என்று முடிவானால்

முதல் மாதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டுக்காரர்கள் பொதுவாக இரண்டு மாத டெபாசிட், பில்லுக்கு அரை மாத டெபாசிட், முதல் மாத வாடகை ஆகியவற்றை முன்கூட்டியே கேட்பார்கள். 650 ரிங்கிட் அறைக்கு அது 2,275. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான், சில இடங்களில் அடுத்த மாதம் ஏழாம் தேதி வரைகூட ஆகும். அதுவரை சாப்பாடும் பெட்ரோலும் சேர்த்தால் 3,500 ரிங்கிட் கையில் இல்லாமல் புறப்படக்கூடாது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ போனால், கூடுதல் சம்பளத்தின் முதல் சில மாதங்கள் கடனுக்கே போய்விடும்.

அறை விளம்பரங்களில் குறிப்பிட்ட இனத்தவர் மட்டும் என்று போடுவது இன்னும் நிற்கவில்லை. நம்மவர்களுக்கு அறை கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அறை உறுதியாகாமல் பழைய வேலையில் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டாம். சோதனைக் காலம் முடியும் முன் ஓராண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் வேண்டாம். வேலை நிலைக்காமல் இடையில் கிளம்பினால் டெபாசிட் திரும்பி வராது.

நம் இளைஞர் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஓவர்டைம் உண்டா, சம்பளத்தை 3,600 ஆக்க முடியுமா என்று இரண்டே கேள்வி. ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: ஓவர்டைம் "தேவைப்படும்போது" மட்டும், சம்பளம் 3,200. அவர் போகவில்லை. அடுத்த கடிதத்தில் என்ன தொகை வந்தால் போகலாம் என்பது மட்டும் இப்போது அவருக்குத் தெரியும். சித்தப்பாவுக்கும் அந்தக் காகிதத்தைக் காட்டியிருக்கிறார்.