கணக்கில் வராத வாணலி

பழைய சமையல் எண்ணெய் விஷயத்தில் 50 லிட்டர் வரம்பை இன்னமும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதை ஏற்க முடியாது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் உணவகங்கள் மட்டும் கணக்கு எழுதி, மிச்சத்தை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்தால் போதும் என்று 2019 மார்ச்சில் கிழித்த கோடு அது.

அந்தக் கோட்டுக்குக் கீழேதான் தெருவோர பஜ்ஜிக் கடைகளும் வடைக் கடைகளும் இருக்கின்றன. ஒரு கடை நாளுக்கு 15 லிட்டர் ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே தெருவில் அப்படி இருபது கடைகள் இருந்தால் 300 லிட்டர். அதில் ஒரு சொட்டுக்கும் பதிவேடு கிடையாது.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது சிதைந்து 'போலார்' சேர்மங்கள் பெருகுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும் சட்டம். சூடான எண்ணெயில் கையடக்கக் கருவியை முக்கினால் அளவு தெரிந்துவிடும். கருவி இல்லாதவருக்கும் அடையாளங்கள் உண்டு: நிறம் கறுக்கும், நுரை அடங்காது, சீக்கிரமே புகையும், கரண்டியில் பிசுபிசுக்கும். புது எண்ணெயைக் கலந்தால் அளவு சற்று இறங்குமே தவிர, கெட்ட எண்ணெய் நல்லதாகிவிடாது.

பெரிய உணவகம் கழித்த எண்ணெய் மலிவு விலையில் சின்னக் கடைக்குப் போவதுதான் இந்தத் தொழிலின் பழைய நோய். விற்பவரிடம் நோட்டுக் கேட்டுவிட்டு வாங்குபவரை விட்டுவிட்டால் அந்த ஓட்டை எப்படி அடைபடும்? பயோடீசல் ஆலைக்குப் போக வேண்டிய எண்ணெய் மறுபடி வாணலிக்கு வருகிறது, அல்லது சாக்கடையில் இறங்கி உறைந்து குழாயை அடைக்கிறது.

விதி போட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் விடுவது அதிகாரிகளுக்குப் புதிதல்ல; குப்பை விஷயத்திலும் இதே கதைதான். உணவகங்கள் ஓராண்டுக்குள் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், மக்கும் கழிவை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது. ஓராண்டு எப்போதோ கடந்துவிட்டது. இன்றும் எச்சில் இலையும் சாம்பார்ச் சோறும் பிளாஸ்டிக் உறையும் ஒரே தொட்டியில் விழுகின்றன. ஈரச் சோற்றோடு காய்ந்த இலையையோ தென்னை நார்க்கழிவையோ கலந்து காற்றுப் புகவிட்டால்தான் உரமாகும். அதில் எண்ணெயைக் கொட்டினால் காற்று அடைபட்டு நாறும். பிரிக்காத குப்பை மேட்டுக்குப் போனால் உள்ளுக்குள் மீத்தேன் சேரும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பை மேடு பற்றியெரிந்த பிறகும் பாடம் படிக்கவில்லை என்றால் வேறென்ன சொல்வது?

தள்ளுவண்டிக்காரரைத் தண்டியுங்கள் என்று கேட்கவில்லை. அவருடைய நாலு லிட்டர் மிச்சத்தையும் காசு கொடுத்து வாங்கிப்போக ஒரு வழி வேண்டும். வரம்பும் கீழிறங்க வேண்டும். பெரியவர்களிடம் மட்டும் நோட்டு வாங்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்திருப்பது, சின்னக் கடையில் சாப்பிடுகிறவர்களின் உடல்நலத்தைக் கைவிடுவதாகும்.