ஒன்பது பெரிதா, பதினெட்டுப் பெரிதா?

அண்மையில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே தோட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். வயது இருபத்தேழு. உயர்தரத்தில் கலைப் பிரிவைத் தமிழ் மொழிமூலம் கற்றுச் சித்தியடைந்தவர். நிரலாளராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தனியார் கல்வி நிலையமொன்றில் ஆறு மாதப் பாடநெறியை முடித்துச் சான்றிதழும் பெற்றிருந்தார்.

"ஐயா, இனிப் பட்டப்படிப்புக்குப் பணம் கட்டுவதா? இல்லை, நானே படித்துக்கொள்வதா?" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. பத்திரிகை அலுவலகத்துக்குக் கணினி வந்த நாள்முதல் நிரலாளர்களுடன் பழகியவன் என்ற துணிவில், அவர் அன்றாடம் காணும் கணக்கொன்றையே கொடுத்தேன். "தம்பி, உங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து என்றீர்களே. அதற்கு மேல் எடுத்தவருக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டா என்று சொல்லும் நிரலை எழுதுங்கள். புத்தகம் பார்க்க வேண்டாம்."

பைத்தன் மொழியில் இப்படி எழுதினார்:

```python
norm = input("norm: ")
kilo = input("kilo: ")
if kilo > norm:
    print("extra")
```

அளவு 18 என்று கொடுத்து, 20 கிலோ என்றோம். மேலதிகம் உண்டு என்றது. 15 என்றோம், பேசாமல் இருந்தது. இரண்டும் சரி. பிறகு 9 என்றோம். மேலதிகம் உண்டு என்றது! அளவில் பாதி எடுத்தவருக்கு மேலதிகக் கொடுப்பனவு. நூறு கிலோ என்றால் எதுவும் இல்லை என்றது.

காரணம் எளியது. input வழியாக வருவது எண் அன்று, எழுத்து. எழுத்துகளை அகராதி வரிசைப்படி முதலெழுத்திலிருந்து ஒப்பிடுவதால், 9 என்பது 1இல் தொடங்கும் 18க்குப் பின்னால் வந்துவிடுகிறது. இரண்டு இடத்திலும் float(input(...)) என்று எண்ணாக மாற்றினால் பிழை நீங்கும். நிரல் எவ்வித எச்சரிக்கையும் தராமல் ஓடியதுதான் இங்குள்ள ஆபத்து. சம்பளப் பட்டியலில் இது நுழைந்திருந்தால், மாத முடிவில் ஒரு குடும்பத்தின் கணக்குப் பிழைத்திருக்கும்.

"ஆறு மாதம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். ஆசிரியர் திரையில் காட்டியதைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்களாம். எல்லாம் முதல் முறையிலேயே ஓடியதாம். ஒருவரும் 9 என்று கொடுத்துப் பார்க்கவில்லை. எனவே குறுகிய பாடநெறிக்குப் பணம் கட்டுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: நான் எழுதும் நிரலை யாராவது வாசித்துப் பிழை குறித்துத் திருப்பித் தருவார்களா? இல்லையென்றால், அதைப் போன்றதை இலவசமாகவே பெறலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பைத்தன் உள்ளிட்ட பாடநெறிகளை open.uom.lk தளத்தில் கட்டணமின்றி வழங்கியிருக்கிறது.

சுயகற்றலுக்குச் செலவு குறைவு. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நமக்குத் தோன்றிய உள்ளீடுகளை மட்டுமே நாம் சோதிப்போம். தோன்றாத 9ஐ இன்னொருவர்தான் கொடுக்க வேண்டும். ஆகவே, தனியே படிப்பவர் தம் நிரலைப் பிறரிடம் கொடுத்து, "இதைக் கெடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும்.

பட்டத்துக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையின் மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுக்கப்படும்; அந்தப் புள்ளியைக் கொண்டு உள்வாரி அனுமதி பெறும் காலம் இவருக்குக் கடந்துவிட்டது. எஞ்சியிருப்பவற்றுள் முக்கியமானது வெளிவாரிப் பட்டம். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய தகவல் தொழில்நுட்ப இளமாணிப் பட்டத்தை வேலை பார்த்துக்கொண்டே கற்கலாம். முதற்கட்டத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாம் கட்டத்தோடு நின்றால் உயர் டிப்ளோமா, மூன்றையும் முடித்தால் பட்டம். இடையில் நின்றவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஆனால் பரீட்சை ஆங்கிலத்தில். தமிழில் படித்த நம் தோட்டத்துப் பிள்ளைகளைத் தடுக்கி விழச் செய்வது நிரலைக் காட்டிலும் இந்த ஆங்கிலமே.

பட்டமில்லாமல் வேலை கிடைக்காதா? கிடைக்கும். சிறு நிறுவனங்கள் பல, நிரலொன்றை எழுதச் சொல்லிப் பார்த்தே பயிலுநராக எடுக்கின்றன. ஆயினும் விண்ணப்பங்கள் குவியும் இடத்தில் முதல் சல்லடை சான்றிதழ்தான். அரசுப் பதவிக்கும், வெளிநாட்டு வேலை அனுமதிக்கும் பட்டத்தின் பெறுமதி இன்னும் கூடுதல்.

ஆகவே அவரிடம் நான் சொன்னது இந்த ஒழுங்கு. முதல் மூன்று மாதம் பணம் எதுவும் கட்டாமல், கொழுந்துக் கணக்கை முழுமையாகச் செய்யும் நிரலைத் தாமே எழுத வேண்டும். அதே மூன்று மாதமும் ஆங்கிலப் பாடக்குறிப்புகளை அகராதியோடு வாசிக்க வேண்டும். இரண்டும் கைகூடினால், அவ்வாண்டின் தகைமை நிபந்தனைகளைச் சரிபார்த்து, வெளிவாரிப் பட்டத்தின் முதற்கட்டத்துக்கு மட்டும் பணம் கட்டட்டும். கைகூடாவிட்டால், இழந்தது சில மாலைப்பொழுதுகள் மட்டுமே. தாயின் நகையை அடகு வைத்த பணம் அன்று.

விடைபெறும்போது, "ஐயா, பூச்சியமும் கொடுத்துப் பார்த்தேன். கழித்தல் ஒன்பதையும் கொடுத்தேன், அதையும் ஏற்றுக்கொள்கிறது. அதை எப்படித் தடுப்பது?" என்று கேட்டார். சான்றிதழைக் கண்டபோது எழாத நம்பிக்கை, அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு எழுந்தது.