கேள்வி மாறினால் மதம் குறையுமா?

இங்கிலாந்து-வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2011இல் 25 விழுக்காட்டினர் மதம் இல்லை என்றனர். 2021இல் அது 37 விழுக்காடானது. கேட்ட கேள்வி இரு முறையும் ஒன்றே: “உங்கள் மதம் எது?” ஆகவே ஏற்றத்தை நம்பலாம். அந்த 25ஐ அப்படியே நம்பலாமா என்பதுதான் சிக்கல்.

“எது?” என்று கேட்கும்போதே ஏதோ ஒன்று இருப்பதாகக் கேள்வி எண்ணிக்கொள்கிறது. திருமுழுக்குப் பெற்று, திருமணத்துக்கு மட்டும் தேவாலயப் படியேறியவரும் பிறப்பை நினைத்து ‘கிறிஸ்தவம்’ என்று குறித்துவிடுவார். 2011இல் பிரிட்டன் மனிதநேயர் சங்கத்துக்காக நடந்த ஒரு கருத்துக்கணிப்பு இதைச் சோதித்தது. கணக்கெடுப்பின் கேள்விக்கு 61 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மதத்தைச் சொன்னார்கள். “நீங்கள் மதப்பற்று உள்ளவரா?” என்றதும், அதே ஆட்களில் ஆம் என்றவர்கள் 29 விழுக்காடுதான். கேட்கவைத்த சங்கத்துக்கு இதில் அக்கறை உண்டு. ஆனாலும் அந்த இடைவெளி பெரிது.

முதல் கேள்வி அடையாளத்தை அளக்கிறது, இரண்டாவது பற்றை. நேற்று முதல் கேள்விக்குக் கிடைத்த 61ஐயும் இன்று இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த 29ஐயும் ஒரே கோட்டில் வைத்தால், யாருமே மனம் மாறாமல் ‘சரிவு’ வந்துவிடும். மதமற்றோர் எல்லாரும் நாத்திகர் என்பதும் அவசர முடிவே; கடவுளை நம்பி, எந்தச் சபையிலும் சேராதவர்களும் அவர்களில் உண்டு.

முடிவுகளை விவாதிக்கும் ஆய்வாளர்களும் அவற்றைச் செய்தியாக்கும் நாமும், விழுக்காட்டுக்கு அருகிலேயே கேட்ட கேள்வியை முழுதாக அச்சிட வேண்டும்.