'பாதுகாப்பானது' என்று சொல்ல அது நேரமல்ல

2015 ஜூன் 5 அன்று மேகி நூடுல்ஸைக் கடைகளிலிருந்து எடுப்பதாக நெஸ்லே அறிவித்தது. பொருள் பாதுகாப்பானதுதான், ஆதாரமற்ற அச்சத்தால் மக்கள் குழம்பிப் போயிருப்பதால் எடுக்கிறோம் என்பது அந்த அறிக்கையின் சாரம். மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் மேகி ஆலை இருக்கிறது. நஞ்சுண்டேசுவரர் குடிகொண்ட ஊரில் தயாரான உணவில் நஞ்சு இருக்கிறதா என்று நாடே கேட்டது அப்போதுதான்.

பின்னால் நடந்தவை நிறுவனத்துக்குச் சாதகமாகவே முடிந்தன. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், மேகிக்கு அரசு விதித்திருந்த தடையை ரத்து செய்தது. அது உத்தரவிட்டபடி அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்கள் சோதித்தபோது ஈயம் வரம்புக்குள்ளேயே இருந்தது. அக்டோபர் இறுதியில் நஞ்சன்கூட்டிலும் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. அப்படியிருந்தும் அந்த ஜூன் மாத அறிக்கை தவறானது என்றே நாம் கருதுகிறோம். முடிவு சரியாக அமைந்ததால், அதற்கு முன்பு சொன்ன சொல்லும் சரியாகிவிடாது.

அன்று உறுதியாகத் தெரிந்தவை கொஞ்சமே. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரியைக் கொல்கத்தா மத்திய ஆய்வகம் சோதித்து, 17.2 பிபிஎம் ஈயம் இருப்பதாகச் சொன்னது. அனுமதித்த அளவு 2.5. அந்த பேட்ச் 2014 பிப்ரவரியில் தயாரானது, இப்போது சந்தையில் இல்லை என்றது நிறுவனம். மசாலாப் பொடியைத் தனியே சோதிப்பதா, சமைத்து உண்ணும் விதத்தில் நூடுல்ஸோடு சேர்த்துச் சோதிப்பதா என்பதிலும் இரு தரப்புக்கும் தகராறு. 'எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை' என்று உறையில் அச்சிட்டதும் சிக்கலானது. நாங்கள் தனியாகச் சேர்ப்பதில்லை, மூலப்பொருள்களில் இயற்கையாகவே குளூட்டமேட் உண்டு என்று நிறுவனம் விளக்கியது. இதெல்லாம் வாதத்துக்கு உதவும். முந்தைய நாள் இரவு பிள்ளைக்கு மேகி கிண்டிக் கொடுத்த தாய்க்கு இதில் பதில் இல்லை.

முதல் அறிக்கையில் மூன்று சொற்கள் வரக்கூடாது: 'பாதுகாப்பானது', 'ஆதாரமற்றது', 'வதந்தி'. மூன்றுமே இன்னும் வராத தீர்ப்பை முந்திக்கொண்டு சொல்பவை. அரசு ஆய்வகம் ஒன்றைச் சொல்லி, உங்கள் ஆய்வகம் வேறொன்றைச் சொன்னால், உங்களுக்கு உண்மையில் தெரிந்தது இரண்டும் பொருந்தவில்லை என்பது மட்டுமே.

அன்றைய அறிக்கை எப்படி இருந்திருக்கலாம்? நாம் எழுதிப் பார்த்தது இது:

"மேகி நூடுல்ஸின் எல்லா வகைகளையும் இன்று முதல் திரும்பப் பெறுகிறோம். ஒரு மாதிரியில் அனுமதித்த அளவுக்கு மேல் ஈயம் இருந்ததாக அரசு ஆய்வகம் கூறியுள்ளது. எங்கள் சோதனைகளில் அப்படித் தெரியவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. தெளிவாகும் வரை வீட்டில் உள்ள பாக்கெட்டைச் சமைக்க வேண்டாம். வாங்கிய கடையில் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள், ரசீது தேவையில்லை. ஏற்கெனவே குழந்தைகளுக்குக் கொடுத்தவர்களின் கவலை எங்களுக்குப் புரிகிறது. உங்கள் கேள்விகளுக்கு எங்கள் தொலைபேசியில் மருத்துவர் பதில் சொல்வார். நாளை மாலை 5 மணிக்கு அடுத்த தகவலைத் தருகிறோம்."

இதில் 'தெரியாது' என்ற சொல்லைத்தான் வழக்கறிஞர் முதலில் அடிப்பார், முதலாளிக்கும் அதைச் சொல்ல வாய் வராது. ஆனால் மற்ற வரிகளை நம்பவைப்பதே அந்த ஒரு சொல்தான். வருத்தம் தெரிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற பயமும் உண்டு. மேலே உள்ள அறிக்கையில் அப்படி எந்த ஒப்புதலும் இல்லை. கவலை புரிகிறது என்பதோடு நின்று, உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. நாளை 5 மணி என்று சொன்ன பிறகு, புதிதாக எதுவும் கிடைக்காவிட்டாலும் 5 மணிக்கு வந்து அதையே சொல்ல வேண்டும்.

சிறு மசாலா ஆலை வைத்திருப்பவர் இதைப் பெரிய கம்பெனிகளின் சங்கதி என்று ஒதுக்க முடியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு எல்லாருக்கும் பொது. பொருள் சட்டத்துக்கு உட்பட்டதில்லை என்று தெரிந்தால் உடனே சந்தையிலிருந்து எடுத்து, அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பேட்ச் எண், தயாரித்த தேதி, பாக்கெட்டின் எடை, எந்த ஊர்களுக்குப் போனது என்ற விவரமெல்லாம் முன்பே பதிவில் இருந்தால்தான் அறிக்கையை ஒரு மணி நேரத்தில் எழுத முடியும். அந்தப் பதிவேடு இல்லாதவருக்கு எந்த பேட்ச் என்று சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் எடுக்கிறோம் என்பார், அல்லது எதிலும் குறையில்லை என்பார்.

இன்னொன்று. ஏறக்குறைய ஐந்து மாதங்கள் நஞ்சன்கூட்டில் மேகி உற்பத்தி நின்றிருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் கையால் செய்த பொருளைப் பற்றிய செய்தியை டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது. செய்தியாளர்களுக்கு அனுப்பும் முன்பே அதே தாளை, அவர்கள் பேசும் மொழியிலேயே, ஆலை வாசலில் ஒட்ட வேண்டும். கூலி நிற்குமா, நிற்காதா என்பதும் அதில் இருக்க வேண்டும்.