காபுட் லோங்காவா, காபுட் லோங்குமா?

போன மாசம் ஒரு ராத்திரி அக்கா பையன் ரஷ்யாவிலிருந்து போன் பண்ணினான். முதல் வருஷம் மருத்துவம். குரலே சரியில்ல. "மாமா, அனாடமில அத்ரபோத்கா போட்டுட்டாங்க"ன்னான். அத்ரபோத்கான்னா தெரியாதவங்களுக்கு: பாடத்தில் சொதப்பினால் வேறொரு நாள் வந்து அதே பாடத்தை மறுபடி ஒப்பிச்சுக் கையெழுத்து வாங்கணும். அங்க படிச்ச எவனுக்கும் தாய்மொழி மறந்தாலும் இந்த வார்த்தை மறக்காது :-)

என்னடா தப்பு பண்ணினேன்னு கேட்டேன். மேசை மேல ஒரு கை. வாத்தியாரம்மா இடுக்கியால ஒரு இடத்தைத் தொட்டு "ஷ்தோ எத்தா?" (இது என்ன?)ன்னு கேட்டிருக்காங்க. பையன் "காபுட் லோங்கா"ன்னு சொல்லியிருக்கான். பைசெப்ஸ் தசையோட நீண்ட தலை. இடம் சரி, பேரும் சரி. ஒரே ஒரு எழுத்து தப்பு. 'லோங்கும்'னு சொல்லணும். "இதுக்கெல்லாமா மாமா? நான் இங்கிலீஷ் மீடியம்தானே"ன்னு புலம்பல்.

எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. நான் 1994-ல் போனப்ப இங்கிலீஷ் மீடியமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. 'பொட்ஃபாக்'னு ஒரு வருஷம் ரஷ்ய மொழியை மட்டும் படிச்சுட்டுத்தான் எலும்பைத் தொடவே விடுவாங்க. இப்ப நிலைமை வேற. வெளிநாட்டில் படிச்சுட்டு வந்து இங்க பதிவு பண்ணணும்னா படிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கணும்னு 2021-ல் இந்தியாவில் விதியே போட்டுட்டாங்க. அதனால பசங்க என்ன நினைச்சுக்கறாங்கன்னா, லத்தீன் ஒரு தனிப் பாடம், முதல் வருஷத்தோட தலைமுழுகிடலாம், அனாடமிக்கு இங்கிலீஷ் பேர் போதும்னு. சீனியர்களும் அதையேதான் சொல்லித் தர்றாங்க. என் கருத்து, இது சுத்தத் தப்பு. அதே மாதிரி எங்க காலத்து சீனியர்கள் சொன்ன "முழுசா உருப்போட்டுடு"வும் தப்புதான்.

ரஷ்யப் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்தா விஷயம் புரியும். ப்ரீவெஸ் புத்தகமோ, சினெல்னிகோவ் அட்லஸோ, எதுவானாலும் ரஷ்யப் பேரும் லத்தீன் பேரும் பக்கத்துல பக்கத்துல ஜோடியா வரும். வாத்தியார்கள் அந்த ஜோடியிலேயே வளர்ந்தவங்க. அவங்களுக்கு லத்தீன்தான் உண்மையான பேர். இங்கிலீஷ் பேர் ஏதோ செல்லப் பேர் மாதிரி.

முதல் அடி காதுல விழும். நாம 'சீக்கம்'னு படிச்சிருப்போம், அங்க 'ட்ஸேகும்'பாங்க. 'செர்விக்ஸ்' அங்க 'ட்ஸெர்விக்ஸ்'. இ, எ மாதிரி உயிர்களுக்கு முன்னாடி வர்ற 'சி' எழுத்து எல்லாமே 'ட்ஸ' ஆயிடும். 'ஹ்யூமரஸ்' கிட்டத்தட்ட 'கூமெருஸ்'னு கேட்கும். இது ஒரு வாரத்துல பழகிடும். உண்மையான தலைவலி வார்த்தைகளோட வால்ல இருக்கு.

பையன் தப்பையே எடுத்துக்குவோம். ஏன் 'லோங்கா' வந்துச்சு? ரஷ்யனில் அந்தத் தலைக்கு 'த்லீன்னயா கலோவ்கா'ன்னு பேர். கலோவ்கா பெண்பால். அதனால நீண்ட என்கிற சொல்லும் பெண்பால் வாலோட வருது. பையன் அந்தப் பாலை அப்படியே லத்தீனுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான். ஆனா லத்தீனில் 'காபுட்' ஆண்பாலும் இல்ல, பெண்பாலும் இல்ல, மூணாவது. அதனால லோங்கும். ஆண்பாலா இருந்தா லோங்குஸ், பெண்பாலா இருந்தா லோங்கா.

தமிழன் இங்கதான் தடுக்கி விழறான். நமக்கு எலும்பு, தசை, நரம்பு எல்லாம் ஒண்ணுதான், எல்லாமே 'அது'. நீண்ட தலை, நீண்ட தசை, நீண்ட கிளை. அந்த 'நீண்ட' எதுக்கும் அசைஞ்சு கொடுக்காது. அதனால வால் மாறணும்கிற எண்ணமே நமக்கு வராது. வந்தாலும் ரஷ்யனைப் பார்த்து மாத்துவோம். அது இன்னும் மோசம். எலும்பு, தசை, தசைநார், கிளை, இந்தத் தலை அஞ்சும் ரஷ்யனில் பெண்பால் (கோஸ்த், மிஷ்ட்ஸா, ஸ்வியாஸ்கா, வெத்வ், கலோவ்கா). லத்தீனில் அஞ்சில் ஒண்ணுகூடப் பெண்பால் இல்ல! தசையும் கிளையும் ஆண்பால், மத்த மூணும் மூணாம் பால். ஆக, பால் விஷயத்தில் ரஷ்யனை நம்பவே கூடாது. அவனுக்கு நான் சொன்ன முதல் விதி இதுதான்.

ஆனா வார்த்தை வரிசை விஷயத்தில் நமக்கு ஒரு லாட்டரி இருக்கு. அந்தத் தலையோட முழுப் பேர் இது: 'காபுட் லோங்கும் முஸ்குலி பிட்ஸிபிடிஸ் பிராகியி'. அஞ்சு வார்த்தை. பார்த்தாலே மலைப்பா இருக்கும். இதைக் கடைசியிலிருந்து தலைகீழாப் படிங்க. பிராகியி, மேற்கையின். பிட்ஸிபிடிஸ், இருதலை. முஸ்குலி, தசையின். லோங்கும், நீண்ட. காபுட், தலை. 'மேற்கையின் இருதலைத் தசையின் நீண்ட தலை.' ஒரு வார்த்தைகூட இடம் மாத்தாம அப்படியே தமிழ் வாக்கியம் வந்துடுச்சு பாருங்க! லத்தீன் பெயரை முதல்ல வச்சு விவரத்தைப் பின்னாடி தொங்கவிடும். தமிழ் விவரத்தை எல்லாம் முன்னாடி அடுக்கிட்டுப் பெயரைக் கடைசியில வைக்கும். ரெண்டும் கண்ணாடி பிம்பம். நம்ம பள்ளிக்கூடத்து ஆறாம் வேற்றுமைதான் அங்க முஸ்குலி, பிராகியியோட வால்ல உட்கார்ந்திருக்கு. இங்கிலீஷ்லயும் ரஷ்யன்லயும் இந்த வசதி கிடையாது, வரிசை பாதி முன்னும் பாதி பின்னுமாக் குழம்பும்.

இன்னொண்ணு. 'ராமுஸ் சுபெர்ஃபிட்ஸியாலிஸ் நெர்வி ராடியாலிஸ்'. பின்னாலிருந்து: ரேடியல் நரம்பின் மேலோட்டமான கிளை. அவ்வளவுதான்.

இந்தச் சூட்சுமம் எல்லா இடத்திலும் எடுபடாது. முன்கையில 'முஸ்குலுஸ் ஃப்லெக்ஸோர் கார்பி ராடியாலிஸ்'னு ஒரு தசை. பின்னாலிருந்து படிச்சா ராடியாலிஸ் மணிக்கட்டோட ஒட்டிக்கிட்டு, 'ரேடியல் மணிக்கட்டை மடக்கும் தசை'ன்னு வரும். அப்படி ஒரு மணிக்கட்டு கிடையாது. ராடியாலிஸ் இங்க தசையைச் சேர்ந்தது. மணிக்கட்டை மடக்கும், ரேடியஸ் பக்கத்துத் தசை. தொல்லை என்னன்னா, ராடியாலிஸ் என்கிற வடிவம் எழுவாய்க்கும் ஆறாம் வேற்றுமைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். நரம்புப் பேர்லயும் ராடியாலிஸ், தசைப் பேர்லயும் ராடியாலிஸ். வாலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கதான் ரஷ்யப் பேர் கைகொடுக்கும். தசைக்கு 'லுச்சிவோய் ஸ்கிபாதெல் ஸபியாஸ்தியா'. லுச்சிவோய் எழுவாய் வடிவம், அதனால அது மடக்கும் தசையோட சேர்ந்தது. நரம்புக் கிளைப் பேர்ல அதே சொல் 'லுச்சிவோவா நெர்வா'ன்னு வேற்றுமை வாலோட வரும், அதனால அது நரம்போட சேர்ந்தது. லத்தீனில் மறைஞ்சு போனதை ரஷ்யன் வெளிச்சம் போட்டுக் காட்டிடும். (லூச்னா ரஷ்யனில் ஒளிக்கதிர். லத்தீன் ராடியுஸுக்கும் அந்தப் பொருள் உண்டு. புத்தகம் பூரா இப்படி நேர் மொழிபெயர்ப்புதான். டியோடினத்துக்கு ரஷ்யப் பேர் 'பன்னிரண்டு விரல் குடல்'. பன்னிரண்டு விரல் அகலம் நீளம்னு பழைய ஆளுங்க அளந்து வச்ச பேரை அப்படியே ரஷ்யனில் ஆக்கிட்டாங்க.) ஆக, பாலுக்கு ரஷ்யனைப் பார்க்காதே, எது எதோட சேருதுன்னு தெரிஞ்சுக்க ரஷ்யனைப் பார். ரெண்டாவது விதி.

மூணாவது, நோட்டில் எழுதற முறை. பசங்க 'ஃபெமுர் = தொடை எலும்பு'ன்னு ஒத்தை வார்த்தையா எழுதறாங்க. லத்தீன் வகுப்புல சொல்லித் தர்ற மாதிரி எழுதணும்: ஃபெமுர், ஃபெமோரிஸ், மூணாம் பால். எழுவாய், ஆறாம் வேற்றுமை, பால். மூணும் இல்லாம ஒரு சொல்லை நோட்டுக்குள்ள விடவே கூடாது. இதுல ஒரு உபரி லாபமும் இருக்கு. ஊருக்கு வந்து எழுதற தேர்வு இங்கிலீஷ்ல. அங்க 'ஃபெமோரல் ஆர்ட்டரி', 'ஃபெமுரல்' இல்ல. அந்த 'ஓ' எங்கிருந்து வந்துச்சு? ஃபெமோரிஸிலிருந்து. புல்மோ, புல்மோனிஸ், அதிலிருந்து பல்மோனரி. இங்கிலீஷ் பெயரடை நிறைய இந்த ரெண்டாவது வடிவத்திலிருந்துதான் பிறக்குது. அதைப் படிச்சவன் ரெண்டு தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறான். வேடிக்கை ஒண்ணு: 'ஓஸ்'னா எலும்பு, 'ஓஸ்'னா வாயும்தான். ஓஸ், ஓஸ்ஸிஸ் எலும்பு. ஓஸ், ஓரிஸ் வாய். ரெண்டாவது வடிவம் தெரியலேன்னா வாயையும் எலும்பையும் பிரிக்கவே முடியாது, ஹிஹி.

ஒரு எச்சரிக்கை மட்டும். 'பிலிச்சோ'ன்னு ரஷ்யச் சொல். புத்தகத்தில் அது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல இருக்கற மேற்கை. பிராகியும். ஆனா நோயாளி "பிலிச்சோ வலிக்குது"ன்னு சொன்னா பெரும்பாலும் தோளைத்தான் காட்டுவாங்க. மூணாவது வருஷம் வார்டுக்குப் போனதும் இது கவிழ்த்துவிடும். இதுக்குச் சூத்திரமெல்லாம் கிடையாது, "எங்கே, கைவச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டுடணும். நான் கேட்காம மேற்கையைத் தடவிப் பார்த்துக்கிட்டே நின்னு வாங்கிக் கட்டிக்கிட்டதை இன்னொரு நாள் எழுதறேன்.

அன்னைக்கு ராத்திரி போன்லயே அவன் கையை அவனே தொட்டுத் தொட்டுச் சொல்ல வச்சேன். முதல்ல லத்தீன், அப்புறம் பின்னாலிருந்து தமிழ், சந்தேகம் வந்தா மட்டும் அட்லஸைத் திறந்து ரஷ்யன். தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் வரவே முக்கால் மணி நேரம் ஆச்சு. அக்கா பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டு, "என்னடா மந்திரம் ஓதறீங்க ரெண்டு பேரும்"னாங்க. வியாழக்கிழமை அத்ரபோத்கா. வாத்தியாரம்மா அதே இடத்தைத் தொட்டாங்களாம். இந்த முறை அஞ்சு வார்த்தையும் சொல்லியிருக்கான். உடனே இடுக்கி பக்கத்துல இருந்த குட்டைத் தலைக்கு நகர்ந்துடுச்சு. 'காபுட் ப்ரெவே'ன்னு சொல்லணும், 'ப்ரெவிஸ்'னுட்டான். மறுபடி திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க :-)