மஞ்சளும் நீலமும் கண்ணில் பச்சையாவதில்லை

கலை வரலாற்றுப் பாடக்குறிப்புகளிலும், தேர்வுக் கையேடுகளிலும், அருங்காட்சியக விளக்க உரைகளிலும் ஒரு வாக்கியம் தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்பட்டு வருகிறது: “புள்ளியோவியர்கள் மஞ்சள் புள்ளியையும் நீலப் புள்ளியையும் அருகருகே வைத்தார்கள், தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் அவை கலந்து பளிச்சென்ற பச்சையாகின்றன.” ஜார்ஜ் சூராவின் பெயரும், ‘அறிவியல் ஓவியம்’ என்ற பட்டமும் உடன் வரும். இவ்வாக்கியம் பிழையானது. பிழை என்று தெரிந்தும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. மஞ்சள் ஒளியும் நீல ஒளியும் சேர்ந்தால் பச்சை பிறப்பதில்லை என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1852இலேயே காட்டிவிட்டார். அப்போது சூரா பிறக்கவே இல்லை.

ஐயமுள்ளவர் ஒரு பம்பரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் தலையில் வட்ட அட்டை ஒன்றை ஒட்டி, பாதிக்கு மஞ்சளும் பாதிக்கு நீலமும் பூசிச் சுழற்றினால் தெரிவது சாம்பல் நிறம். வண்ணங்களைப் பொறுத்து அதில் சிறிது மஞ்சளோ, நீலமோ, வெளிறிய பச்சைச் சாயலோ இருக்கலாம். அதே இரு வண்ணங்களைத் தட்டில் குழைத்தால் ஐயத்துக்கு இடமில்லாத பச்சை கிடைக்கும். இந்த வேறுபாட்டின் காரணம் எளியது. மஞ்சள் வண்ணப்பொடி நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. நீலப்பொடி சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தையும் ஓரளவு பச்சையையும் அனுப்புகிறது. இரண்டையும் குழைக்கும்போது ஒளி இரு பொடிகளின் வழியாகவும் சென்று வர வேண்டியிருக்கிறது. இரண்டும் விட்டுவைத்த பச்சை மட்டுமே தப்பித்து வெளியேறுகிறது. புள்ளிகளாக அருகருகே வைக்கும்போது ஒவ்வொன்றும் தன் பங்கைத் தனித்தனியே அனுப்புகிறது. கண்ணுக்கு வந்து சேர்வது இரண்டின் சராசரி. அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுமே இருப்பதால் அது நிறமற்றதை நோக்கிச் சாய்கிறது.

‘சராசரி’ என்ற இச்சொல்லில்தான் ‘பளிச்சென்ற’ என்ற அடைமொழியும் விழுந்துவிடுகிறது. மஞ்சள் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 60 பங்கையும், நீலம் 10 பங்கையும் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். சம பரப்பில் புள்ளிகளாக வைத்தால் கிடைப்பது 35 பங்கு. குழைத்த வண்ணத்தைவிட இது வெளிச்சமானதுதான். ஆனால் தனி மஞ்சளைவிட மங்கல். நிறச் செறிவோ பெரிதும் போய்விட்டது. புள்ளிக் கலவை இருட்டைக் குறைக்கிறது, கூடவே நிறத்தையும் குறைக்கிறது. ‘குழைத்த வண்ணத்தைவிட வெளிச்சம்’ என்ற அளவான உண்மையைத்தான் விமரிசகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் 1886இல் எழுதினார். பின்வந்தவர்கள் ஒப்பீட்டுச் சொல்லை உதிர்த்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சூராவை அறியாமையில் தள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் படித்த ஆக்டன் ரூட்டின் நிறவியல் நூல் 1879இல் வெளிவந்தது. 1881இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வந்தது. சுழலும் வட்டுகளில் கிடைக்கும் கலவைக்கும் தட்டில் குழைக்கும் கலவைக்கும் உள்ள வேறுபாட்டை ரூட் அதில் விரிவாகவே பேசுகிறார். சிகாகோ கலைக்கழகத்தில் உள்ள ‘கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு’ என்ற படத்தைக் கூர்ந்து பார்த்தால், ஓவியர் கையேட்டு வாக்கியத்தின்படி நடக்கவில்லை என்பது விளங்கும். அங்குள்ள புல் மஞ்சளும் நீலமும் சேர்ந்து உண்டானதன்று. பச்சை பச்சையாகவே பூசப்பட்டிருக்கிறது. முதலில் குழைத்த வண்ணங்களில் தீற்றல்கள், அவற்றின்மேல் பின்னாளில் இட்ட புள்ளிகள். வெயில் பட்ட இடத்தில் ஆரஞ்சும் மஞ்சளும், நிழலில் நீலமும் ஊதாவும் அந்தப் பச்சையின்மேல் தூவப்பட்டுள்ளன. நிறத்தை உண்டாக்குவது புள்ளியின் வேலையன்று. ஏற்கெனவே உள்ள நிறத்தைச் சிறிது அசைத்துவிடுவதே அதன் வேலை.

அடுத்த கேள்வி தொலைவு பற்றியது. இயல்பான பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையிலான நுணுக்கத்தைப் பிரித்தறியும். அந்தக் கணக்கில் 3 மில்லிமீட்டர் புள்ளி மறைய வேண்டுமானால் பார்ப்பவர் ஏறத்தாழ 10 மீட்டர் விலகி நிற்க வேண்டும். படத்தின் அகலமே ஏறக்குறைய 3 மீட்டர்தான். அதன்முன் வருபவர் பெரும்பாலும் நாலைந்து மீட்டரில் நின்று, பிறகு நெருங்கிச் செல்கிறார். அவருக்குப் புள்ளிகள் முழுதும் கலப்பதுமில்லை, முழுதும் பிரிவதுமில்லை. நிற வேறுபாட்டைக் காணும் கூர்மை வெளிச்ச வேறுபாட்டைக் காணும் கூர்மையைவிடக் குறைவு என்பதால், சற்று விலகும்போது நிறங்கள் ஒன்றோடொன்று மயங்கத் தொடங்கிவிடும். ஆனால் வெளிர் புள்ளிக்கும் அடர் புள்ளிக்கும் உள்ள வேறுபாடு இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். படப்பரப்பு நடுங்குவதுபோலத் தோன்றுவது இந்த இடைநிலையில்தான். பத்து மீட்டருக்கு அப்பால் சென்று ‘கலவை’ முழுமை பெற்றால் அந்த நடுக்கமும் அடங்கிவிடும். கோட்பாடு வெற்றி பெறும் இடத்தில் ஓவியம் தோற்கிறது.

இங்கேயே இன்னொரு முரண் ஒளிந்திருக்கிறது. கோபெலின் நெசவுச்சாலையின் சாயப்பிரிவை நடத்திய வேதியியலர் ஷெவ்ரல், 1839இல் உடன்நிகழ் நிறமுரண் விதியை வெளியிட்டார். கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்ற புகாரை அவர் ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அருகில் நெய்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். நிரப்பு நிறங்கள் பக்கத்தில் பக்கமாக இருக்கும்போது ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஆனால் அதற்கு அவை தனித்தனிப் பரப்புகளாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதே நிரப்பு நிறங்களை நுண்ணிய இழைகளாகக் கலந்து நெய்தால் சாம்பலாகிவிடும் என்பதும் ஷெவ்ரலுக்குத் தெரிந்ததே. சிவப்பும் பச்சையும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று எடுப்பாக்கவும் வேண்டும், கலந்து மறையவும் வேண்டும் என்று கேட்பது, ஒரே அடுப்பில் தண்ணீர் கொதிக்கவும் உறையவும் வேண்டும் என்பது போன்றது. கையேடுகள் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்கின்றன. ஆலன் லீ என்ற ஆய்வாளர் 1987இலேயே சூராவின் ‘அறிவியலை’க் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தினார். அவர் ஓவியர்மீது வைத்த குற்றச்சாட்டுகள் சில மிகையானவை; பாடநூல்கள்மீது வைத்திருந்தால் ஒன்றுகூட மிகையாகியிராது.

இந்தியாவில் கலை பயிலும் மாணவருள் பெரும்பாலோர் சிகாகோ செல்லப்போவதில்லை. அவர்கள் காண்பது உள்ளங்கை அகலப் படம். மூன்று மீட்டர்ப் படத்தை ஏழு சென்டிமீட்டர் திரைக்குச் சுருக்கும்போது மூன்று மில்லிமீட்டர் புள்ளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. பக்கத்துப் புள்ளிகளோடு அதைச் சராசரியாக்கிவிடுவது கேமராவும் கணினியும். கண்ணுக்கு அங்கே வேலையே மிச்சமில்லை. அந்தப் படத்தைக் காட்டி “பாருங்கள், கண்ணில் கலக்கிறது” என்று வகுப்பில் சொல்வது, சமைத்த சோற்றைக் காட்டி அரிசியின் கடினத்தைப் பாடம் நடத்துவதாகும்.

அந்தச் சிறுபடத்தில் தெரியும் பழுப்புப் புள்ளிகளுக்கும் ‘ஒளியியல்’ விளக்கம் தருபவர்கள் உண்டு. அவை சூரா இட்டபோது பழுப்பாக இருக்கவில்லை. 1885–86இல் அவர் சேர்த்த துத்தநாக மஞ்சள் நிலையற்ற வண்ணம். சில ஆண்டுகளுக்குள்ளேயே அது காவியாகவும் பழுப்பாகவும் மாறியதை நண்பர்கள் கண்டு வருந்தினார்கள். பச்சையோடு கலந்திருந்த இடத்தில் அது மங்கிய ஆலிவ் நிறமானது. ஆரஞ்சில் கலந்திருந்த இடத்தில் பழுப்பானது. வெயில் படர்ந்த புல்லில் ஒளித்துளிகளாக வைக்கப்பட்டவை இன்று தூசி படிந்த புள்ளிகளாக நிற்கின்றன. அவற்றை மங்கவைத்தது வண்ணப்பொடியின் வேதியியல்.