சிவப்புப் பொத்தான் எங்கே போனது?



உங்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளைக் கேட்டால், பாட்டிதான் வெளிநாட்டில் இருக்கிறார்! ஊருக்கு வரும்போது அவருக்கு வீடியோ கால் எடுக்கவும் வைக்கவும் சொல்லித் தருகிறீர்கள். நீங்கள் விமானம் ஏறியதும் பாதி மறந்துவிடுகிறது. அதனால் எழுதிக் கொடுங்கள் என்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மணி அடிக்கிற போனுக்குள் கிடக்கும் குறிப்பை அவர் எப்படிப் படிப்பார்? காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, சார்ஜர் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

"பச்சையைத் தொட்டால் பேசலாம், சிவப்பைத் தொட்டால் முடியும்" என்று இரண்டு வரி எழுதினால் போதாது. எங்கள் தெருவில் 78 வயது அம்மா ஒருவர் இருக்கிறார், மகன் டொரண்டோவில். அவர் வீட்டுச் சுவரில் இந்த இரண்டு வரிதான் இருந்தது. போன் பூட்டியிருக்கும்போது கால் வந்தால் பச்சையைத் தட்டினால் எடுக்காது, விரலை வைத்து மேலே தள்ள வேண்டும். அவர் தட்டித் தட்டிப் பார்ப்பார், மணி நின்றுவிடும். போன் திறந்திருக்கும்போது வந்தால் திரையின் உச்சியில் சின்னப் பட்டையாக வரும். அங்கே தள்ளக் கூடாது, தட்டத்தான் வேண்டும்.

முடிப்பது இதைவிடச் சங்கடம். பேச ஆரம்பித்த சில நொடிகளில் பொத்தான்கள் எல்லாம் மறைந்து பேரனின் முகம் மட்டும் தெரியும். சிவப்பைக் காணாமல் அந்த அம்மா ஹோம் பட்டனை அழுத்துவார். கால் முடியாது. படம் சின்னதாகி மூலைக்குப் போகும், கேமராவும் மைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். மருமகளைப் பற்றி அவர் பக்கத்து வீட்டில் பேசியது ஒருநாள் டொரண்டோ வரை கேட்டிருக்கிறது!

நான் மாற்றி எழுதிக் கொடுத்தது இது:

"முழுத்திரையில் முகம் தெரிந்தால், பச்சை மேல் விரலை வைத்து, எடுக்காமல் மேலே தள்ளவும்.
உச்சியில் பட்டை தெரிந்தால், பச்சையை ஒருமுறை தட்டவும்.
தெரியாத பெயர் என்றால் தொட வேண்டாம். தானே நிற்கும்.
பேசி முடித்தால், திரையின் நடுவில் ஒரு தட்டு. சிவப்பு வரும். உடனே அதைத் தட்டவும்.
மூலையில் சின்னப் படம் ஆடினால் கால் இன்னும் முடியவில்லை. அந்தப் படத்தைத் தட்டிப் பெரிதாக்கி, மறுபடி சிவப்பைத் தட்டவும்."

இது ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்புக்கு எழுதியது. உங்கள் அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் வருவதையே எழுதுங்கள். சிவப்பு எந்த மூலையில் வருகிறதோ அதைப் படமாகவும் வரையுங்கள். கண்புரை உள்ளவர்களுக்கு நிறம் மங்கலாகத்தான் தெரியும்.

"நாங்களே இங்கிருந்து வைத்துவிடுகிறோம் சார்" என்கிறார்கள் சிலர். நான் ஒப்ப மாட்டேன். தன் வீட்டுக் கேமராவை மூட அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஒட்டியபின் பக்கத்து அறையிலிருந்து இரண்டு முறை கூப்பிடுங்கள். ஒருமுறை போன் பூட்டியிருக்கட்டும், ஒருமுறை திறந்திருக்கட்டும். நீங்கள் வாய் திறக்காமல் இருங்கள். அவர் தடுமாறும் வரியை மாற்றி எழுதுங்கள்.